பன்னிரண்டாம் மெட்டு

நீ தஞ்சாவூரை விட்டுப் புனேவுக்குக் குடிபோகிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை வைத்த விருந்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், "சாம்பார் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. 43 வருஷப் பழக்கத்துக்கு இவள் இரண்டு வார்த்தை பேசக்கூடாதா என்று உனக்குத் தோன்றியிருக்கும். தோன்றட்டும். எனக்கு மேடைப் பேச்சு வராது என்பது உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். ரயிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீணையை லாரியில் ஏற்றாமல் கையோடு எடுத்துப் போக நீ ஒத்துக்கொண்டாயே, அதுதான் இந்த மாதத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம். இரண்டு வாரம் அதற்காகச் சண்டை போட்டோம். சாமான் கட்ட வந்த பையன், "நாங்க டிவியே உடையாம கொண்டு போறோம், இந்தக் கட்டை என்னம்மா" என்றான். அவன் மேல் தப்பில்லை. வீணை உடையும் என்று நான் பயப்படவே இல்லை. பலா மரம் அவ்வளவு சீக்கிரம் உடையாது, அதிலும் உங்கள் அம்மாவுடையது குடம், தண்டி, கழுத்து எல்லாம் ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணை. என் பயமெல்லாம் மெழுகைப் பற்றி.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வீணைத் தந்திகளுக்கு அடியில் குறுக்காக இருக்கிற 24 மெட்டும் மரத்தில் ஆணியடித்து வைத்தது என்று நினைக்கிறார்கள். சித்தாரில் மெட்டை நரம்பு போட்டுக் கட்டியிருப்பார்கள், கிட்டாரில் கட்டையிலேயே பதித்திருப்பார்கள். நம்முடையதில் தண்டியின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக ஓடுகிறதே இரண்டு கரை, அது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்தது. வெண்கல மெட்டுகள் அந்த மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு, மயிரிழை முன்னே பின்னே தள்ளி உட்கார வைப்பதற்குப் பெயர் மேளம் கட்டுவது. கல்யாணத்துக்கு மேளம் கட்டுகிற மேளமில்லை. என் அப்பா யாரிடமாவது "மேளம் கட்டப் போறேன்" என்று சொன்னால், "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்பார்கள், நினைவிருக்கிறதா?

தேன்மெழுகு உருகுவது 62, 64 டிகிரியில். ஆனால் இளக அவ்வளவு சூடு வேண்டாம். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்து அமுக்கினாலே வளையும். சித்திரை வெயிலில் மூடிய லாரிப் பெட்டிக்குள், அதுவும் நடுப்பகலில் ஏதாவது சுங்கச் சாவடியில் நின்றால், உள்ளே என்ன சூடு இருக்கும் என்று நீயே யோசி. கலவையில் கரியும் கொஞ்சம் குங்கிலியமும் இருப்பதால் மெழுகு குழம்பாக ஓடாது. ஆனால் மெட்டு நகரும். கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்தாலே போதும். வீணை பார்க்க அப்படியே இருக்கும், முதல் தந்தியான சாரணியை மீட்டினால் வேறு யார் வீட்டு வீணையோ என்று தோன்றும்.

இது உனக்குத் தெரியாததில்லை. திருச்சியில் நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. ஆனால் நீ மேடையில் இருந்தாய், நான் கீழே இருந்தேன். கீழேயிருந்து அது எப்படி இருந்தது என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

1987. நமக்கு 14 வயது. பள்ளிகளுக்கான போட்டி. வேனில் போனோம். வீணையை உறையில் போட்டு, அது ஆடாமல் இருக்க வேண்டும் என்று யாரோ அக்கறையாக நடுவில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிப் பின் சீட்டில் சாய்த்து வைத்தார்கள். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். நம் முறை மூன்று மணிக்கு. வேனை வெயிலில் நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம். நான் தயிர்சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் வண்டிக்குள் மெழுகு இளகிக்கொண்டிருந்தது.

மேடையில் நீ உட்கார்ந்து சுருதி சேர்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. திறந்த தந்திக்கு மெட்டு எதற்கு? சாரணி ச சொன்னது, பஞ்சமம் ப சொன்னது, பக்கத்துத் தாளத் தந்திகளும் ஒழுங்காக இருந்தன. நீயும் மோகன ராகத்தை ஆரம்பித்துவிட்டாய். இரண்டாம் மெட்டில் ரி சரியாக வந்தது. நாலாம் மெட்டில் விரலை வைத்தாய், 'க' வரவில்லை. ஈசல் றெக்கை அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கயிறு சரியாக அதன் மேல் போயிருக்கிறது. அந்த மெட்டு மெழுகுக்குள் அமுங்கிவிட்டது. அமுங்கின மெட்டில் தந்தியை அழுத்தினால் அது அடுத்த மெட்டிலும் தட்டும். அந்தச் சத்தம்தான் அது.

நான் கீழே அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா நிமிர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

நீ நிறுத்துவாய் என்று நினைத்தேன். நீ நிறுத்தவில்லை. அடுத்த தடவை 'க' வந்தபோது நாலாம் மெட்டுக்கே போகாமல், ரிஷபத்தில் இருந்தபடி தந்தியை இழுத்து 'க'வைத் தொட்டாய். சரி, அது மோகனத்தில் வழக்கமாகச் செய்வதுதான், தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் 'த'. ஒன்பதாம் மெட்டு கழுத்து முனையிலிருக்கிற யாளி பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஸ்வரம் கொஞ்சம் தாழ்ந்து வந்தது. அதையும் அங்கேயே இழுத்து மேலேற்றினாய். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அப்பா கையை விடவில்லை. அவருக்குத் தெரியும், மேல் ஷட்ஜம் இன்னும் வரவில்லை.

தாழ்ந்து போன மெட்டை இழுத்துச் சரிசெய்யலாம். இழுத்தால் சுருதி ஏறும். ஏறத்தான் செய்யும், இறங்காது. குடத்தின் பக்கம் நகர்ந்துபோன மெட்டு ஸ்வரத்தைக் கூட்டிக் காட்டும், அதைக் கீழே இறக்க எந்த விரலாலும் ஆகாது. உன் பன்னிரண்டாம் மெட்டு அப்படித்தான் போயிருந்தது. மேல் 'ச'வில் நீ விரலை வைத்ததும் கூடம் முழுக்க முகம் சுளித்தது. சங்கீதம் தெரியாதவருக்கும் ஷட்ஜம் தப்பினால் தெரிந்துவிடும்.

அடுத்த தடவை என்ன செய்தாய்? மோகனத்தில் இடமே இல்லாத பதினோராம் மெட்டில் விரலை வைத்தாய். நிஷாதம்! ஒரு கணம் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் மீட்டும்போதே தந்தியை இழுத்துவிட்டிருந்தாய். காதில் விழுந்தது சுத்தமான மேல் ஷட்ஜம். அப்பா என் கையை விட்டார். "கீழ் மெட்டுல இருந்து எடுத்துட்டா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த வார்த்தையை அவர் எனக்காக ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. 38 வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர், குழந்தை வீணையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். நீ வேனில் அழுதாய். அழுததற்குக் காரணம் பரிசில்லை, "அம்மாகிட்ட என்ன சொல்றது" என்றுதான். தஞ்சாவூர் வரும்வரை அப்பா உனக்கு நாலாம் மெட்டையும் பன்னிரண்டாம் மெட்டையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, இதுதான் தெரியும். எனக்கும் அதேதான், பார்.

மறுநாள் உங்கள் மேலவீதி வீட்டுக் கூடத்தில் அந்த வீணைக்கு மேளம் கட்டினார். மாமி காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கரி அடுப்பில் இரும்புக் கம்பியைக் காயவைத்து, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதுசை உருக்கிக் கரை போட்டு, 24 மெட்டையும் வரிசையாக உட்காரவைத்தார். ஒவ்வொரு மெட்டுக்கும் நான் தந்தியை மீட்ட வேண்டும், நீ தம்பூரா போட வேண்டும், அப்பா கண்ணை மூடிக்கொண்டு கம்பியால் மெழுகைத் தொட்டு மெட்டை நகர்த்துவார். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைத்த பிறகும் ஓடியது. உனக்குக் கை வலித்தது. எனக்குத் தொழில் பிடிபட்டது. ஆசாரி வீட்டில் பிறந்தாலும் பெண்பிள்ளைக்கு மெழுகைத் தொட வேறு எந்தக் கூடத்திலும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். மாமிதான், "அவளும் போடட்டுமே, கடைசி ரெண்டு மெட்டு" என்றார்கள். 23உம் 24உம் நான் வைத்தவை. யாரும் அவ்வளவு மேலே வாசிப்பதில்லை என்கிற தைரியத்தில் அப்பா விட்டிருப்பார்.

இந்தப் பங்குனியில் அதே வீணைக்கு 24ஐயும் நானே கட்டினேன். அப்பா போய் 16 வருஷமாகிறது. மாமி போய் நாலு. நீ தம்பூராவுக்குப் பதில் மின்சாரச் சுருதிப்பெட்டியை வைத்தாய், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. உன் மகன் போனில் சுருதி காட்டுகிற ஒரு செயலியைக் காட்டினான். முள் பச்சைக்கு வந்தால் சரியாம். ஒரு மெட்டுக்கு அதை வைத்துப் பார்த்தேன். முள் பச்சை காட்டியது, காது ஒத்துக்கொள்ளவில்லை. காதையே நம்பினேன்.

சரி, நீ புனே போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போகிறாய் என்று தெரிந்ததும் எல்லோரும் உன்னிடம் சொன்னது ஒன்றே. "என்ன, சொந்த ஊருக்குப் போறீங்க!" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பம், மராட்டிய தேசத்துக்குப் போகிறது, அப்படித்தான் தோன்றும். சிவாஜியின் தம்பி ஏகோஜி இங்கே வந்து அரண்மனையைப் பிடித்தது 1670களின் நடுவில். ஏறக்குறைய 350 வருஷம். அவ்வளவு காலம் கழித்து ஒருவர் "திரும்பி" எங்கே போகிறார்? போன வருஷம் நீ மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாய். காய்கறிக்காரரிடம் உன் மராத்தியில் விலை கேட்டாய், அவர் இந்தியில் பதில் சொன்னார். மருமகள் மரியாதையாகச் சிரித்தாளாம். உங்கள் வீட்டு மராத்தியில் நம் தமிழ் இழுப்பும், பாதிக்குப் பாதி நம் சொற்களும் கலந்துவிட்டன. அங்கே அதற்கு மதராசிப் பேச்சு என்று பெயர். இங்கே உங்களை ராவ்ஜி வீடு என்போம், அங்கே மதராசி. நீ சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஆனால் அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாய்.

நாம் பத்து வயதில் பெரிய கோயில் சுற்றில், தென்மேற்கு மூலைச் சுவர் முன்னால் நின்றது ஞாபகம் இருக்கிறதா? சரபோஜி காலத்தில், 1803இல், போன்சலே வம்சத்தின் கதையை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்களே, அந்தச் சுவர். நீ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாய். உனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் பாதி தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் நீ வாசிக்கிற அழகில் ஏதோ பெரிய ரகசியம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "எங்க தாத்தா பேரு இதுல இருக்கும்" என்றாய். இல்லை என்று அப்புறம் தெரிந்தது. அரண்மனையில் கணக்கு எழுதினவர் பேரையெல்லாம் யார் கல்லில் வெட்டுவார்கள்?

உங்கள் ஆட்களுக்கு ஒழுங்காக விடைபெறத் தெரியாது என்று உன்னை நான் கிண்டல் செய்வேனே, அந்தக் கதையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். 1677இல் சிவாஜி தெற்கே வந்தபோது தம்பி ஏகோஜியைக் கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடியில் சந்தித்தார். தகப்பன் சொத்தில் பங்கு வேண்டும் என்று பேச்சு. நாள் கணக்கில் பேசினார்கள். ஒருநாள் ராத்திரி ஏகோஜி யாரிடமும் சொல்லாமல் கட்டுமரம் ஏறிக் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். காலையில் அண்ணன் பார்த்தால் தம்பி இல்லை. அத்தோடு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. திருமழபாடிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஏகோஜிதான் கண்முன் வருவார், அதிலும் ராஜா உடுப்பில் கட்டுமரத்தில் குந்தியிருக்கிற ஏகோஜி. நீயும் அப்படி ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுவாயோ என்று பயந்தேன். வீட்டை விற்றதை நீ என்னிடம் பத்திரம் முடிந்த பிறகுதானே சொன்னாய்? அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எழுதித்தான் வைக்கிறேன், ஆறும்போது ஆறட்டும்.

இப்போது வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினதும் வீணைக்கு உன் மேல் படுக்கையைக் கொடுத்துவிடு. நீயும் அண்ணனும் கீழே எப்படியோ முடக்கிக்கொள்ளுங்கள். மெட்டுகள் மேலே பார்க்க மல்லாக்கப் படுக்க வை. குடத்துக்குக் கீழே மடித்த போர்வை, கழுத்துக்குக் கீழே இன்னொன்று. சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியாக எடுத்துக்கொள், அதைக் கைப்பைக்குள் புடவைக்கு நடுவில் வை. மெட்டுகளின் மேல் எதையும் கட்டாதே. கயிறு வேண்டாம், நாடா வேண்டாம், உன் பாசமும் வேண்டாம். எழும்பூரில் இறங்கி அடுத்த ரயில் வரும்வரை அதை வெயில் படுகிற பக்கம் சாய்த்துவிடாதே. அங்கிருந்து புனே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும், குளிர்சாதனப் பெட்டிதான் என்பதால் எனக்கு அந்தப் பயம் இல்லை.

தந்திகளை நானே கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறேன். முழுசாகக் கழற்றவில்லை, நீயும் கழற்றாதே. குடத்தின் மேல் தந்திகளைத் தாங்குகிற குதிரை நிற்பது தந்தியின் அழுத்தத்தில்தான். அழுத்தம் போனால் குதிரை நகரும், குதிரை நகர்ந்தால் தந்தியின் நீளம் மாறும், அப்புறம் 24 மெட்டும் சரியாக இருந்தும் 24உம் தப்பாகக் கேட்கும். குதிரை நிற்கிற இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பார்.

அப்புறம் ஒருநாள் அதை அப்படியே விடு. ரயிலின் குளிரும் ஊரின் சூடும் மரத்துக்குள் சமமாகட்டும். மறுநாள் சுருதியைச் சேர்த்துவிட்டுச் சாரணியைத் திறந்து மீட்டு. உடனே பன்னிரண்டாம் மெட்டை அழுத்தி மீட்டு. இரண்டும் அதே ஷட்ஜம், ஒன்று கீழே ஒன்று மேலே. அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிப் போனால் குதிரையும் மெழுகும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். ஒட்டவில்லையென்றால் ஏழாம் மெட்டின் பஞ்சமத்தைப் பார். அதுவும் தப்பி, மேலே போகப் போகத் தப்பு கூடிக்கொண்டே போனால் குதிரை நகர்ந்திருக்கிறது. ஏழு சரியாக இருந்து பன்னிரண்டு மட்டும் தப்பினால் அந்த ஒரு மெட்டு நகர்ந்திருக்கிறது. எதையும் நீயாகத் தொடாதே. எனக்குச் சொல்.

அங்கே மார்கழி, தை ராத்திரியில் 11, 12 டிகிரிக்கு இறங்கும் என்று உன் மகன் சொன்னான். நம் ஊரில் 20க்குக் கீழே போவதே அபூர்வம். நம் மெழுகுக்கு அந்தக் குளிர் புதுசு. இளகுவதற்குப் பதில் விறைத்துப்போகும். விறைத்த மெழுகில் லேசாக ஒரு இடி பட்டால் கரையில் விரிசல் விடும், மெட்டு பல் மாதிரி ஆடும். பேரன் தொட்டுப் பார்க்க வந்தால் அடிக்காதே, குளிர்காலத்தில் மட்டும் தள்ளி உட்காரச் சொல். காலையில் எடுத்தால் எஃகுத் தந்தி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும். பிருடையைத் திருக அவசரப்படாதே, வீடு சூடாகட்டும். ஆனி முதல் புரட்டாசி வரை அங்கே மழை. அப்போது வெளிச்சுவரை ஒட்டி வைக்காதே. நம் ஊரிலாவது ஐப்பசி, கார்த்திகையோடு போகும். அங்கே நாலு மாதம் ஈரம் என்கிறார்கள், மரம் ஊதும்.

என் அப்பா கலந்துவைத்த மெழுகில் ஒரு உருண்டை என்னிடம் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷம் யாருக்கும் தராமல் வைத்திருந்தேன். பாதியை உனக்கு வைத்திருக்கிறேன், பழைய அல்வா டப்பாவில், பட்டுப்புடவைப் பையின் அடியில். கறுப்பாக, பளபளவென்று, பார்க்கக் கருப்பட்டி மாதிரியே இருக்கும். பேரனுக்குக் கொடுத்துவிடாதே. அங்கே மேளம் கட்டத் தெரிந்தவர் கிடைத்தால், புது மெழுகோடு இதையும் கலக்கச் சொல். கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். நான் வந்தால் இரண்டு நாள் வேலை, ஒரு வாரம் சாப்பாடு. உங்கள் டாங்கர் பச்சடி தினமும் வேண்டும்.

நேற்று உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேனே, நினைவிருக்கிறதா? நாம் தமிழில் "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வரேன்" என்போம். யாராவது வாய்தவறி "போறேன்" என்றால் பாட்டி வாசலிலேயே நிறுத்தி, திரும்ப உள்ளே வரச்சொல்லி, சரியாகச் சொல்ல வைத்து அனுப்புவாள். ஒரேயடியாகப் போகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. "போயிட்டு வரேன்" என்றால் பொய் மாதிரி இருக்கிறது, "போறேன்" என்றால் வாய் வராது. மராத்தியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். நீ புளியை ஊறப்போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "யேதே" என்றாய். அப்படியென்றால்? "வரேன்." போவதைப் பற்றி? "அதை யாரு சொல்லுவா? ஆம்பளைன்னா யேதோ, பொம்பளைன்னா யேதே. கிளம்பும்போது வரேன்னுதான் சொல்லணும்." நம்முடையதிலாவது பாதி வழி போவது இருக்கிறது. உங்களுடையதில் அதுவும் இல்லை. இத்தனை வருஷம் உன் வீட்டு வாசலில் அதைக் கேட்டிருக்கிறேன், பெயரோ ஏதோ என்று விட்டுவிட்டேன்.

நாளை ராத்திரி நடைமேடையில் நீ எந்த மொழியில் சொன்னாலும் சரி. நான் பதில் சொல்ல மாட்டேன். சாமான் எண்ணிக்கொண்டிருப்பேன். மொத்தம் பதினொன்று, வீணையோடு. அண்ணன் தண்ணீர் பாட்டிலைக் கணக்கில் சேர்ப்பார், சேர்க்கக்கூடாது.

புதன்கிழமை சேர்வீர்கள். வியாழன் வீணைக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கூப்பிடு, அதற்குள் நான் கோலம் போட்டு முடித்துவிடுவேன். போனை ஒலிபெருக்கியில் போட்டுக் குடத்துக்குப் பக்கத்தில் வை. எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள், வீடு எப்படி, தண்ணீர் எப்படி எல்லாம் அப்புறம். முதலில் சாரணியை மட்டும் மீட்டு. அடங்கும்வரை விடு. அப்புறம் பன்னிரண்டாம் மெட்டு.